திருகில் தொடங்கும் துரு

கோட்டிவாக்கத்தில் கடலுக்கு மிக அருகில் எங்கள் வீடு. கீழே அப்பா காலத்துத் தேக்கு ஜன்னல்கள், மாடியில் அலுமினிய ஸ்லைடிங், மேற்கு அறையில் யுபிவிசி. வண்ணமடிக்க மூன்றையும் கழற்றியபோதுதான் பார்த்தேன்: மூன்றிலும் கேடு தொடங்கியது அதனோடு சேர்ந்த இரும்பு இருக்கும் இடத்தில்.

அலுமினியச் சட்டத்தின் நடுப்பகுதி புதிதுபோல இருந்தது. திருகு இறங்கிய மூலைகளில் மட்டும் பவுடர் கோட்டிங் கொப்புளித்து, சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. உப்பு ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் நுண்ணிய மின்னோட்டம் உண்டாகும், கரைவது அலுமினியம். வெட்டிய முனையிலும் துளையிலும் பூச்சு இல்லாததால் அரிப்பு அங்கே தொடங்கிப் பூச்சுக்கு அடியில் பரவுகிறது. இப்போது அங்கெல்லாம் 316 ரக எஸ்.எஸ். திருகும் நைலான் வாஷரும் போட்டிருக்கிறேன். கடையில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் அது பெரும்பாலும் துத்தநாகம் பூசிய வெறும் இரும்பு. ஒட்டாவிட்டாலும் 304-ஆ, 316-ஆ என்பதைக் காந்தம் சொல்லாது. பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

யுபிவிசிக்கு வெளியே துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் வளையாமலிருக்க அதன் உள்ளறையில் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் செருகியிருக்கிறது. எங்கள் ஜன்னலில் மழைநீர் வடியும் துளையை அந்த அறை வழியாகவே துளைத்துவிட்டார்கள். கீழே வடிந்திருந்த பழுப்புக் கறை அதைக் காட்டிக்கொடுத்தது. இன்னொன்று, வெயிலில் யுபிவிசி நன்றாக நீளும். 2 மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 4 மி.மீ. நீளும், அலுமினியம் ஒன்றரை மி.மீ.தான். அதனால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே சிமென்ட் பூசி இறுக்காமல், நெகிழும் சீலன்ட்டால் அடைக்க வேண்டும்.

தேக்கை உப்பு ஒன்றும் செய்யவில்லை. இரும்புக் கீல்கள்தான் ஊதிப்போயிருந்தன, பித்தளைக்கு மாற்றினோம். ஐப்பசி மழையில் கதவு இறுகுவதற்கு ஆசாரி காரணம் சொன்னார்: "பக்கவாட்டுல இல்ல சார், வெட்டுவாய்தான் தண்ணி குடிக்கும்." கதவின் அடிமுனையில் யாரும் வார்னிஷ் தொட்டதே இல்லை. இரண்டு கை பூசினோம்.

வெப்பத்தைக் கடத்துவதில் யுபிவிசி அலுமினியத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான், மரமும் அப்படியே. மேற்கு அறையில் பிற்பகல் மூன்று மணிக்குச் சட்டத்தில் கை வைத்தால் இது தெரியும். ஆனாலும் அறையைச் சுடவைப்பது பெரும்பாலும் கண்ணாடி வழியே வரும் வெயில். சட்டத்துக்குச் செலவழிக்கும்முன் அங்கே சன்ஷேடை நீட்டினேன். ஹாலின் அகலத் திறப்புக்கு மெல்லிய சட்டத்திலேயே விறைப்பாக நிற்கும் அலுமினியத்தை விட்டுவைத்தேன். ரோலர் ஓடும் டிராக்கை மட்டும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுகிறோம்.