ஐந்து பொட்டலங்களும் இரண்டு பாலங்களும்

மதுரையிலிருந்து எழும்பூருக்குப் பகலில் ஓடும் வைகை விரைவு வண்டியில் ஏறக்குறைய ஏழரை மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும். ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள் உடனிருந்தால் அந்நேரம் எத்துணை நீளும் என்பதை வாசகர்களே, நீங்கள் அறிவீர்கள்.

முதல் பயணத்தில் முறுக்கு டப்பாவை முழுதாகப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். திருச்சி வருமுன் டப்பா காலி. பிறகு தாகம், அதன்பின் கழிப்பறைக்கு ஓயாத நடை, இறுதியில் அழுகை.

அடுத்த முறை என் இல்லாள் ஐந்து சிறு பொட்டலங்கள் கட்டினார். திண்டுக்கல்லில் பொடி தடவிய இட்லி. நண்பகல் வெப்பத்தில் அது கெட்டுவிடுமாதலால் அதற்கே முதலிடம். திருச்சியில் வாழைப்பழம், விருத்தாசலத்தில் பொரி, விழுப்புரத்தில் ஆரஞ்சுச் சுளை, செங்கற்பட்டில் ஒரேயொரு முறுக்கு. முழு வேர்க்கடலையை மட்டும் சேர்க்கவில்லை. வண்டி குலுங்குகையில் அது சிறு குழந்தையின் மூச்சுக்குழலில் சிக்கக்கூடும்.

ஊர் வந்தால்தான் பொட்டலம் பிரியும் என்பதால் மஞ்சள் பெயர்ப்பலகையைத் தேடுவதே விளையாட்டாயிற்று. மூத்தவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். இளையவள் தன் பெயரின் முதலெழுத்தைத் தேடினாள். திருச்சியைக் கடந்ததும் காவிரிப் பாலம், திருவரங்கத்திற்குப் பின் கொள்ளிடப் பாலம். எதில் தண்ணீர் அதிகம் என்று இருவரும் வழக்காடினர்.

படப் புத்தகம் மட்டும் பயன்படவில்லை. குனிந்து பார்த்த இளையவளின் முகம் வெளிறி, வாயில் உமிழ்நீர் ஊறியது. குமட்டலின் அடையாளம் அது. புத்தகத்தை மூடித் தொலைவிலுள்ள பனைமரங்களைப் பார்க்கச் செய்தோம். சற்று நேரத்தில் தெளிந்தாள். விழுப்புரம் தாண்டியதும் இருவரும் உறங்கிவிட்டனர். செங்கற்பட்டுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே எழும்பூர் வந்து சேர்ந்தது.