கிள்ளான் அக்கா அனுப்பிய கிராமபோன் படம்

போன மாதம் மண்டபச் சாமான்களை ஒதுக்கி வைக்கும்போது பழைய ஒலிபெருக்கியை நான் பிரித்துப் பார்த்ததைச் சிலர் கவனித்திருக்கிறீர்கள். அதிலிருந்து "இது என்ன மிஷின், ரிப்பேர் செய்யலாமா" என்று வாட்ஸ்அப்பில் படம் வருவது அதிகமாகிவிட்டது. அதில் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கிள்ளானில் இருக்கும் இந்த அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து பூ கட்டுபவர். அனுப்பிய படத்தில் எட்டுப் பட்டை மரப்பெட்டி, மேலே பளபளவென்று பித்தளைக் குழாய், முன்னால் நாய்ப் படம் போட்ட தகடு. "தம்பி, அப்பா தோட்டத்துல வச்சிருந்த மாதிரியே ஒன்னு வாங்குனேன். இப்ப சுத்தவே மாட்டேங்குது. 800 வெள்ளி கேக்குறாங்க. செய்யலாமா? சரியானா நவராத்திரிக்கு மண்டபத்துல வச்சிடலாம்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியை மூடியிருந்த திருகாணிகளின் தலையில் கூட்டல் குறி. அந்தக் காலத்து மிஷின்களில் ஒற்றைக் கோடு போட்ட திருகாணிதான் இருக்கும். அடுத்து, குழாயைப் பெட்டியோடு சேர்க்கிற முழங்கை போன்ற பாகம் தண்ணீர்க் குழாய் மாதிரி தடிமனாக, ஒழுங்கில்லாமல் வார்க்கப்பட்டிருந்தது. பித்தளையில் ஒரு கறை கிடையாது, நாய்த் தகடும் புதுசு. வெளியே குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் கிராமபோன்கள் 1920களிலேயே வழக்கொழிய ஆரம்பித்துவிட்டன. இவ்வளவு பளபளப்பாக இன்று கடைகளில் நிற்பவற்றில் பெரும்பாலானவை இந்தியாவில் அலங்காரத்துக்காகச் செய்து ஏற்றுமதி ஆனவை. உள்ளே ஏதோ உடைந்த சின்னப் பெட்டியிலிருந்து கழற்றிய மோட்டார் இருக்கும். அதற்கு 800 வெள்ளி கொடுத்தால், பாட்டு இரண்டு வாரம் கேட்கும், பிறகு மறுபடியும் நிற்கும்.

இதை எழுதி அனுப்பக் கை வரவில்லை. அப்பா நினைவு என்கிறார். அதனால் போன் போட்டு, "அக்கா, அப்பா வச்சிருந்ததுக்குக் குழாய் இருந்துச்சா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இல்ல தம்பி. அது கறுப்புப் பெட்டி. பயணப் பெட்டி மாதிரி கைப்பிடி வச்சது. கிராமபோன்னா குழாய் இருக்கணும்னு எல்லாரும் சொன்னாங்களே, அதான் அதை நான் கணக்குல எடுக்கல." அந்தக் கறுப்புப் பெட்டி காப்பாரில் தம்பி வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் கிடக்கிறதாம். பழைய இரும்புக்காரரிடம் போடப் போகிறார்களாம்.

போடாதீங்க என்று சொல்லி, நான்கு படம் கேட்டேன். மூடியைத் திறந்து மேலிருந்து ஒன்று, ஊசி பிடிக்கும் வட்டமான பாகத்துக்கு நெருக்கமாக ஒன்று, வலப்பக்கச் சாவி ஓட்டை, பெட்டியின் அடிப்பக்கம். ஒரே ஒரு அழகான படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடிப்பக்கமும் ஊசித் தலையும்தான் பேசும்.

படம் வந்தது. கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி. மூடிக்குள் நாய் முத்திரை மங்கிப்போய் இருந்தது. அதை மட்டும் நம்ப முடியாது, முத்திரையை யாரும் ஒட்டலாம். ஊசித் தலையைப் பார்த்தேன். ஹெச்எம்வி பயணப் பெட்டிகளில் 1925 முதல் 1931 வரை வந்தது 101. அதில் பெரும்பாலும் நான்காம் எண் தலை, முகத்தில் மைக்கா தகடு தெரியும். 1931-இல் வந்த 102-இல் தலையின் முகத்தை ஓட்டை போட்ட உலோக மூடி மறைத்திருக்கும், உள்ளே அலுமினியத் தகடு. அக்கா படத்தில் ஓட்டை மூடி இருந்தது. ஆக, 102. பல வருடம் விற்ற மாடல், அதனால் உதிரிபாகம் கிடைக்கும். குழாய் இல்லாமல் எப்படிப் பாடும் என்றால், குழாய் பெட்டிக்குள்ளேயே மடங்கிப் போகிறது. பின்பக்கம் வெளியே வருகிற சத்தத்தைத் திறந்த மூடி நம் பக்கம் திருப்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமூட்டர் பிடித்துப் போனேன். சாவியை மெதுவாகத் திருகினேன். இதுதான் முதல் சோதனை. எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் ஸ்பிரிங் அறுந்திருக்கும். இதில் எதிர்ப்பு இருந்தது, ஆனால் பத்துச் சுற்றுக்குப் பிறகு ஒரு 'தட்' சத்தம். உள்ளே கிரீஸ் காய்ந்து சுருள்கள் ஒட்டிக்கொண்டு விலகுகிற சத்தம் அது. அத்தோடு நிறுத்தினேன். தட்டின் மேல் சின்னக் காகிதம் ஒட்டி, கடிகாரம் பார்த்து எண்ணினேன். அரை நிமிடத்துக்கு 39 சுற்று வரவேண்டும். 26 வந்தது, அதுவும் தள்ளாடி. வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியில் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது பிசின் மாதிரி இறுகியிருந்தது. (அப்பாதான் என்றார் அக்கா. "தைப்பூசத்துக்கு முன்னாடி எல்லாத்துக்கும் எண்ணெய் போடுவாரு!")

அதெல்லாம் சரியாகக்கூடியது. நான் பயந்தது வார்ப்பு உலோகத்துக்கு. அந்தக் காலத்துத் துத்தநாகக் கலவை சில நேரம் தானாகவே வீங்கி, வெடித்து, கையில் பொடியும். அதற்கு மருந்து இல்லை, வேறு பாகம் தேடித்தான் போடவேண்டும். கைவிளக்கு அடித்து ஊசித் தலையையும் குழாய்க் கையையும் பார்த்தேன். விரிசல் இல்லை. தலையின் உள்ளே ரப்பர் வளையம் மட்டும் கல்லாக இருந்தது. அதனால்தான் பாட்டு கரகரவென்று வந்திருக்கும். பெட்டியின் அடிப்பலகையில் ஒரு மூலை கரையான் தின்றிருந்தது. கரையான் இப்போது இல்லை.

என் முடிவை அக்காவிடம் இப்படிச் சொன்னேன். மோட்டாரைத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரித்துக் கழுவி கிராபைட் கிரீஸ் போடட்டும், ரப்பரை மாற்றட்டும். ஸ்பிரிங் டப்பாவை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது, பாய்ந்து வந்தால் கை கிழியும். துணியை உரித்துப் புதுசு ஒட்டுவதோ பெயின்ட் அடிப்பதோ வேண்டாம். மூலைக்கு ஒரு கட்டை போதும். பித்தளைக் குழாய்க்கு ஒரு வெள்ளியும் செலவழிக்க வேண்டாம், அழகுக்கு இருக்கட்டும்.

மண்டபத்துக்குக் கொடுக்கிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கோயிலுக்கு வருவதை மறுக்கிறான் பார் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இதுதான். இது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது இரும்பு ஊசி கேட்கும். பழைய ஊசியை விட்டால் ரிக்கார்டை உழுதுவிடும். சாவியைக் குழந்தைகள் திருகுவார்கள். யாராவது ஆசையில் நம் அலமாரியில் இருக்கிற பிளாஸ்டிக் எல்.பி. ஒன்றை வைத்துவிட்டால் அந்த எல்.பி. ஒரே தடவையில் போய்விடும். இந்த மிஷின் அரக்கால் செய்த 78 சுற்று ரிக்கார்டுக்கு மட்டும்தான்.

வேலை முடிய ஆறு வாரம் ஆனது. கேட்ட கூலி பித்தளைக் குழாய்க்குக் கேட்டதில் பாதிக்கும் குறைவு. அப்பா வைத்திருந்த ரிக்கார்டுகளில் மூன்றுதான் உடையாமல் இருந்தன. ஒன்றில் ஓடியன் முத்திரை. சென்னையில் ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெளியிட்ட ரகம். புது ஊசி போட்டு, முழுச் சாவி கொடுத்து, அக்காவையே ஊசியை இறக்கச் சொன்னேன். மூன்று நிமிடமும் வேகம் குறையவில்லை. தம்பி பிள்ளைகள் "ஏன் இவ்ளோ சத்தம், வால்யூம் எங்க இருக்கு" என்று தேடினார்கள். வால்யூம் கிடையாது லா. சத்தம் குறையணும்னா மெல்லிசான ஊசி போடணும்.

அக்கா எதுவும் பேசவில்லை. ரிக்கார்டைத் திருப்பிப் போடச் சொன்னார். நான் ஊசியை மாற்றினேன்.