விளம்பரக் குரலில் தங்லிஷ்

இளைஞர் உடை விளம்பரங்களின் பின்னணிக் குரலில் ஆங்கிலம் உறுத்தினால், காரணம் பெரும்பாலும் அந்த ஆங்கிலச் சொல் அல்ல, அதைச் சுற்றி நிற்கும் எழுத்துத் தமிழ்தான். ‘உங்கள் ஸ்டைலை எலிவேட் செய்யுங்கள்’ என்று எந்தக் கல்லூரி வாசலிலும் யாரும் பேசுவதில்லை. பேச்சில் சைஸ், ஃபிட், கலர் போன்ற பெயர்கள் ஆங்கிலத்தில் வரும்; உருபும் வினைமுற்றும் பேச்சுத் தமிழில் நிற்கும். ‘இந்த ஓவர்சைஸ் டீஷர்ட்ட ஜீன்ஸோட போட்டுப் பாரு, ஃபிட்டு செமயா இருக்கும்’ என்றால் வாக்கியம் ஓடும். ஆங்கில வினை வந்தால் ‘டிரை பண்ணு’ என்பதுபோல் ‘பண்ணு’ சேரும், ‘செய்’ சேராது.

உச்சரிப்பிலும் இதே கதைதான். ‘டீஷர்ட்’ வரும்போது மட்டும் குரல் அமெரிக்கா போய்த் திரும்பினால் ஒட்டு தெரிந்துவிடும்.

ஒலிப்பதிவுக்கு முன், குரல் கலைஞரைத் தாளைப் பார்க்காமல் நண்பரிடம் சொல்வதுபோல் சொல்லவிட வேண்டும். அப்போது வாய் தானாக மாற்றும் சொற்களே ஸ்கிரிப்டில் திருத்த வேண்டியவை.