செக்கெண்ணெய் விலையை ஏத்தின கதை

"ஏனுங்கண்ணா, 240 ரூபா எண்ணெய் எப்படி 440 ஆச்சு? வருஷம் ஒண்ணுகூட முழுசா ஆகலையே"ன்னு சென்னையிலிருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணிக் கேட்டுச்சு. கோவமாக் கேக்கலை, நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சு. போன்ல அஞ்சு நிமிஷத்துல சொல்ல முடியலை. அதனால கணக்கோட இங்கயே எழுதிடறேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. காங்கேயம் பக்கம் எனக்கு ரெண்டு ஏக்கர் தென்னை இருக்கு. தேங்காய உரிச்சு உடைச்சு களத்துல காயவெச்சு, மரச்செக்குல ஆட்டி, மாசம் 250 லிட்டர் சுமாரா ஊருக்கும் டவுனுக்கும் கொடுத்துக்கிட்டிருந்தேன். எங்க காய் மூணுல ஒரு பங்குக்குத்தான் வரும். மிச்சத்துக்குப் பருப்பு வெளிய வாங்கணும். கொப்பரைய நாங்க பருப்புன்னுதான் சொல்லுவோம்.

முதல்ல பழைய கணக்கு. 10 கிலோ நல்ல பருப்ப ஆட்டினா, தெளிய வெச்சு வடிகட்டினதுக்கு அப்புறம் 6 லிட்டர் கைக்கு நிக்கும். 2024 ஆடி வரைக்கும் பருப்பு கிலோ 100 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போ ஒரு லிட்டருக்குப் பருப்புச் செலவு 167 ரூபாய். புண்ணாக்கு வித்ததுல லிட்டருக்கு 20 ரூபாய் திரும்பி வந்துரும். ஆட்டுகூலி, கரண்டுக்கு 22. பாட்டில், லேபிள், பெட்டிக்கு 18. எல்லாம் சேர்த்து 187 ஆகும். 240-க்கு வித்தா 50 ரூபாய்க்கு மேல நிக்கும். அதுதான் எங்க சம்பளம்.

தீபாவளிக்குப் பருப்பு 130 ஆச்சு. லிட்டர் அடக்கம் 237. மூணு ரூபாய்தான் மிச்சம். நான் என்ன நெனைச்சேன்னா, தீபாவளி வியாபாரம், ஏறும், அப்புறம் எறங்கும், அதுவரைக்கும் நாமளே தாங்கிக்கலாம்னு. தையில 150 ஆச்சு. அடக்கம் 270. இப்போ ஒவ்வொரு லிட்டருக்கும் என் கைக்காசு 30 ரூபாய் போகுது. மாசம் 250 லிட்டர்னா 7,500 ரூபாய். வாடிக்கைக்காரங்களுக்கு எண்ணெயும் கொடுத்து, கூடவே காசும் வெச்சு அனுப்பின மாதிரி ஆயிருச்சு.

அப்பவும் நான் சும்மாதான் இருந்தேன். ஏன்னா என் மனசுல ஒரு தப்புக் கணக்கு ஓடிக்கிட்டிருந்துது. 'மூணுல ஒரு பங்கு நம்ம சொந்தக் காய்தானே, அதுக்குச் செலவில்லையே, அதுல சரிக்கட்டிக்கலாம்'னு. ஒரு நாள் ராத்திரி நோட்டுப் புஸ்தகத்தப் பார்த்துட்டு எங்க வீட்டம்மா கேட்டாங்க.

"ஏனுங்க, நம்ம களத்துல காயற பருப்ப வியாபாரி வந்து கேட்டா என்ன வெலைக்குக் குடுப்பீங்க?"

"150-க்குத்தான்."

"அப்ப அதையே செக்குல போட்டா மட்டும் எப்படிங்க சும்மா வந்ததாகும்?"

எனக்குப் பதில் இல்லை. அந்த மாசம் அவங்க சீட்டெடுத்த 40,000 ரூபாய வாங்கித்தான் நான் பருப்பு எடுத்திருந்தேன். மாடி ரூம்புக்கு ஓடு மாத்த வெச்சிருந்த காசு. முன்ன 50,000 ரூபாய்க்கு 500 கிலோ வந்துது, இப்போ அதே 500 கிலோவுக்கு 75,000 வேணும். நட்டம் ஒரு பக்கம், முதல் பத்தாம போறது இன்னொரு பக்கம்.

அடுத்த நாள் காலைல தோப்புக்குப் போனேன். விலை எறங்குமான்னு மரத்தப் பார்த்தாலே தெரியும்னு அன்னைக்குத்தான் புத்தியில பட்டுது. பாளை வெடிச்சு, குரும்பை பிடிச்சு, காய் முத்திக் கீழ எறங்க ஒரு வருஷம் ஆகும். இன்னைக்கு மரத்துல இருக்கற குரும்பைதான் அடுத்த வருஷத்துக் காய். 2024 கோடை வெயில்ல குரும்பை கொட்டினது கொஞ்சமில்லை, வெள்ளை ஈயும் சேர்ந்துக்கிச்சு. பத்து மரத்துல அண்ணாந்து பார்த்து எண்ணினேன். குலைக்குப் பன்னெண்டு, பதினஞ்சு இருக்க வேண்டிய எடத்துல அஞ்சும் ஆறும்தான் தொங்குச்சு. அந்த வருஷம் செப்டம்பர்ல மத்திய அரசு பாமாயில், சூரியகாந்தி எண்ணெய்க்கெல்லாம் எறக்குமதி வரிய வேற ஏத்தியிருந்துச்சு.

ஆக இது பண்டிகை ஏத்தம் இல்லை, காயே இல்லாத ஏத்தம். ரெண்டு மாசத்துல எறங்கற விலைன்னா கைக்காசப் போட்டுத் தாங்கலாம். ஒரு வருஷம் நிக்கப் போற விலையத் தாங்கினா செக்கையே வித்தாகணும்.

பக்கத்து ஊர்ல எண்ணெய் ஆட்டற தம்பி ஒருத்தரு ஒரு யோசனை சொன்னாரு. "அண்ணா, வெலைய ஏன் தொடறீங்க? 900 மில்லி பாட்டில் வருது, பார்க்க லிட்டர் பாட்டில் மாதிரியேதான் இருக்கும். 240-ஐ அப்படியே வெச்சுக்கங்க." ரெண்டு பாட்டிலையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். நெசமாவே வித்தியாசம் தெரியலை. ஆசையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா கணக்குப் போட்டேன். 270-ல பாட்டில், பெட்டிச் செலவு 18 போக எண்ணெய்க்கு மட்டும் 252. 100 மில்லி குறைச்சா மிச்சமாகறது 25 ரூபாய். அப்பவும் அடக்கம் 245. 240-க்கு வித்தா இன்னும் 5 ரூபாய் நட்டம்தான். பழைய மாதிரி 50 ரூபாய் நிக்கணும்னா பாட்டில்ல 680 மில்லிதான் ஊத்த முடியும். மூணுல ஒரு பங்கு காலியா அனுப்பிட்டு, விலை ஏறலைன்னு சொல்லணும். பருப்பு பத்து ரூபா ஏறினா அளவக் குறைச்சு மூடிரலாம், பாதிக்குப் பாதி ஏறினத மூட எந்தப் பாட்டிலும் பத்தாது.

இன்னொண்ணும் இருக்குங்க. கடையில வாங்கறவங்க வேணும்னா அளவப் பார்க்காம எடுத்துட்டுப் போவாங்க. எங்கிட்ட வாங்கறவங்க மாசம் ஒரு லிட்டர்னு பழகினவங்க. இருவத்தஞ்சாம் தேதியே எண்ணெய் தீர்ந்துதுன்னா, அந்தம்மாவுக்கு அன்னைக்கே தெரிஞ்சுரும். லேபிள்ல 900-ன்னு அச்சடிச்சு இருந்தாலும், நான் சொல்லாம விட்டேன்னுதான் நெனைப்பாங்க.

கடைசியில மூணையும் கொஞ்சம் கொஞ்சம் செஞ்சேன், ஆனா ஒவ்வொண்ணையும் வேற வேற ஆளுக்கு.

வருஷப் பணத்த முன்னாடியே 240 கணக்குல கட்டினவங்க பன்னெண்டு பேர். அவங்களுக்குச் சேர வேண்டியது இன்னும் 60 லிட்டர். அது குடுத்த வாக்கு. அதுக்கு வேண்டிய 100 கிலோ பருப்ப அந்த வாரமே வாங்கி, ஆட்டி, எவர்சில்வர் டிரம்முல ஊத்தி வெச்சுட்டேன். 1,800 ரூபாய் நட்டத்தோட போச்சு. தள்ளிப் போட்டிருந்தா இன்னும் பெருசாயிருக்கும்.

மத்த எல்லாருக்கும் 320 ரூபாய்னு ஒரே தடவையா ஏத்தினேன். மாசம் இருபது இருபதா ஏத்தலாம்னு தோணுச்சு. ஆனா மாசாமாசம் கெட்ட சேதி சொல்றதவிட ஒரு தடவை சொல்றது மேல். 50 ரூபாய் லாபத்த அப்படியே வெச்சேன், சதவீதமாக் கூட்டலை. பருப்பு ஏறினதுக்கு எண்ணெய் ஏறணும், என் கூலி ஏன் ஏறணும்? வாட்ஸப்புல போட்ட சேதியில போன மாசப் பருப்பு விலை, இந்த மாச விலை, ஒரு லிட்டருக்கு எவ்வளவு பருப்பு, மூணையும் எழுதினேன். பருப்பு எறங்கினா எண்ணெயும் எறங்கும்னு கடைசி வரி. 240-ன்னு அச்சடிச்ச லேபிள் நானூறு மிச்சம் இருந்துச்சு. அச்சடிச்ச விலைக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டிக் கூட விக்கக் கூடாதுங்க, சட்டப்படி தப்பு. அத்தனையும் அடுப்புக்குப் போச்சு.

320 தர முடியாதவங்களுக்கு அரை லிட்டர் பாட்டில் போட்டேன், 165 ரூபாய். ரெண்டு அரை வாங்கினா ஒரு லிட்டரவிட 10 ரூபாய் கூட, அது ரெண்டு பாட்டில் செலவுன்னு அதையும் எழுதினேன். இதுல ஒரு தப்புப் பண்ணினேன். கூரியர்காரங்க அரை லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் ஏறக்குறைய ஒரே காசுதான் வாங்கறாங்க. சின்னப் பாட்டில் வாங்கினவங்களுக்குத்தான் கூடுதல் பாரம். அப்புறம் ஒரே அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு பெட்டியா வாங்குங்கன்னு சொன்னேன். இப்போ அப்படித்தான் போகுது.

விலை ஏறுனப்போ இன்னொரு எடத்துலயும் அடி விழுந்துச்சு. கிலோ 150 விக்கறப்போ தண்ணிக்கும் 150 கிடைக்குமே. சரியாக் காயாத பருப்பு சந்தைக்கு வர ஆரம்பிச்சுது. நல்லாக் காஞ்ச பருப்ப வளைச்சா பட்டுன்னு ஒடியும். ஈரம் இருந்தா தோல் மாதிரி வளையும், உள்ள வெள்ளையா இருக்கும். ஒரு தடவை பார்க்காம எடுத்துட்டு 10 கிலோவுக்கு 5 லிட்டர்தான் கிடைச்சுது. 150 ரூபாய்ப் பருப்ப 180-க்கு வாங்கின கணக்கு. அதுல இருந்து மூட்டை விலையப் பார்க்கறதில்லை, ஒரு லிட்டருக்கு என்ன ஆகுதுன்னு மட்டும்தான் பார்க்கறேன்.

2025 ஆனியில பருப்பு 220 ஆச்சு. அதே கணக்கு, அதே 50 ரூபாய், 440. தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதானுங்க.

நூத்தி எண்பது வீட்டுல நாப்பது வீடு நின்னுருச்சு. மாசம் 180 லிட்டர்தான் போகுது. வருமானம் 9,000, முன்ன 13,000-க்கு மேல வந்துது. கொறைவுதான். ஆனா 7,500 நட்டத்துல இருந்து இங்க வந்திருக்கோம். வீட்டம்மாவோட சீட்டுப் பணத்துல பாதி திரும்பக் குடுத்தாச்சு. ஓடு இன்னும் மாத்தலை, மழைக்கு ஒரு வாளி வெச்சிருக்கோம்.

நேத்துக் காலைல அதே பத்து மரத்தையும் எண்ணினேன். புதுக் குலைகள்ல ஒம்பது, பத்து தங்கியிருக்கு. அது முத்தி எறங்க இன்னும் மாசமாகும். எறங்கினதும் அந்தக் கடைசி வரிப்படி விலைய எறக்கிட்டு, இங்க வந்து எழுதறேன்.