நெஞ்சளவுத் தண்ணீர்

வானொலியில் நான் காலை நிகழ்ச்சி படைக்கிறேன். வாரத்தில் ஒருநாள் அதில் உடல்நலப் பகுதியும் உண்டு. "நேயர்களே, தினமும் நடங்கள்" என்று ஒலிவாங்கி முன்னால் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. அதைச் சிரத்தையாகக் கேட்டவர்களில் ஒருவர் என் அம்மா. வயது 62, உயரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், எடை 84 கிலோ. இரண்டு முட்டியிலும் தேய்மானம், கூடவே நீரிழிவு. மகள் சொல்கிறாளே என்று புளோக்கைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் வலது முட்டி பலாக்கொட்டை மாதிரி வீங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அம்மா கீழே இறங்குவதையே குறைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட் நின்றது. கோவிலுக்குப் போவதும் நின்றது. "எனக்கென்ன, வீட்டிலேயே சாமி இருக்கு" என்று சொல்லிக்கொண்டார். சோபாவிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றி, மூச்சைப் பிடித்து எழுவார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் சிரிப்பார்.

மருத்துவமனையில் அம்மாவைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம் பெண். தரையில் நடக்கும்போது முட்டியில் இறங்கும் சுமை உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு என்றார். வலிக்குப் பயந்து நடக்காமல் இருந்தால் தொடைத் தசை வற்றும், தசை வற்றினால் முட்டிக்கு இன்னும் சுமை கூடும் என்றார். பிறகு, "நீச்சல் குளத்தில் நடப்பீர்களா, ஆன்ட்டி?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். "நீச்சலே தெரியாதே."

"நீந்த வேண்டாம். நடந்தால் போதும்."

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் காலில் இறங்குவது உடல் எடையில் ஏறக்குறைய பாதி. நெஞ்சளவு என்றால் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு என்றால் பத்தில் ஒரு பங்குதான். அம்மாவின் கணக்கில் அது 42 கிலோ, 28 கிலோ, 8 கிலோ. வேகமாக நடந்தால் கொஞ்சம் கூடும், ஆனாலும் தரையைவிட மிகக் குறைவு. இதைக் கேட்டதும் அம்மா கேட்ட கேள்வி, "அப்ப கழுத்தளவுக்கே போயிடலாமே?" நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைக் குளத்தில்தான் கற்றுக்கொண்டோம்.

அதற்கு முன்னால் உடுப்புப் பிரச்சினை. பொதுக் குளத்தில் பருத்திச் சட்டையோடு இறங்க விடமாட்டார்கள், நீச்சலுடைத் துணிதான் வேண்டும். உடம்பைக் காட்டிக்கொண்டு நிற்க மாட்டேன் என்று அம்மா ஒரே பிடி. முஸ்லிம் பெண்கள் அணியும் முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினோம். அதையே எனக்கும் ஒன்று வாங்கினேன். நானும் ஒன்றும் மெலிந்தவள் இல்லை. வானொலிக்காரியின் எடையை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் தொழிலில் எனக்குப் பிடித்த விஷயம்.

முதல் நாள் நான் செய்தது பெரிய தப்பு. வீட்டுக்கு அருகே இருக்கிறது என்பதற்காக ஒரு பெரிய குளத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே இறங்க, ஏற, சுவரோடு ஒட்டிய செங்குத்தான இரும்பு ஏணி மட்டும்தான். இறங்கும்போது தெரியவில்லை. பத்து நிமிடம் நடந்துவிட்டு ஏறப்போனபோது தெரிந்தது. தண்ணீருக்குள் 8 கிலோ, 28 கிலோ என்று இருந்த உடம்பு, ஒவ்வொரு படி ஏறும்போதும் தன் எடையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. மூன்றாவது படியில் அம்மாவின் முட்டி மடங்கியபடியே நின்றுவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. உயிர்காப்பாளர்கள் இருவர் வந்து கைகொடுத்துத் தூக்கினார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் சுற்றியிருந்த பிள்ளைகள் பார்த்தார்கள். பேருந்தில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில், "இனிமே என்னைக் கூப்பிடாதே" என்றார்.

பதினைந்து நாள் நான் கூப்பிடவில்லை. அந்தப் பதினைந்து நாளில் நான் தனியாக மூன்று குளங்களுக்குப் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் எழுதியிருக்கும் ஆழத்தைப் படித்தேன். அகலமான படிக்கட்டும் இருபுறமும் கைப்பிடியும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். உடை மாற்றும் அறையிலிருந்து குளம் வரை தரை வழுக்குகிறதா என்று நடந்து பார்த்தேன். மூன்றாவதில் எல்லாம் இருந்தது. நீச்சல் பழகுபவர்களுக்கான சிறிய குளம் 0.9 மீட்டர், பக்கத்துப் பெரிய குளத்தின் ஆழம் குறைந்த முனை 1.2 மீட்டர். இரண்டுக்கும் படிக்கட்டு. கைப்பேசியில் அந்தப் படிக்கட்டைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கம்பி கெட்டியா இருக்கா?" என்றார்.

1.2 மீட்டர் எனக்கு நெஞ்சளவு, அம்மாவுக்கோ அக்குளுக்கு மேல். அங்கே நடக்கச் சொன்னபோது அவர் மிதந்தார். குதிகால் தரையில் படவில்லை, நுனிக்காலில் தத்தித் தத்திப் போனார். கழுத்தளவு ஏன் கூடாது என்பதற்குப் பதில் இதுதான். பாதம் முழுதாகப் பதியாவிட்டால் அது நடை இல்லை. கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், இடுப்பு முன்னால் சாயும். குதிகால் முதலில், பிறகு பாதம், கடைசியில் விரல் என்று தரையில் எப்படி நடப்போமோ அப்படியே தண்ணீரிலும் பதிய வேண்டும். படிக்கட்டுப் பக்கமாகக் கொஞ்சம் மேடேறிய இடத்தில், தண்ணீர் அம்மாவின் நெஞ்சுக்குழியைத் தொடும் ஓர் இடம் இருந்தது. அங்கே பாதம் பதிந்தது. அதுவே எங்கள் இடமானது.

வாரம் மூன்று நாள், மாலை 5 மணிக்கு. முன்னோக்கி நான்கு நடை, பின்னோக்கி இரண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இரண்டு. பின்னோக்கி நடக்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நன்றாக வேலை செய்கிறது. முட்டியைத் தாங்குவது அந்தத் தசைதான். பக்கவாட்டு நடை இடுப்புத் தசைக்கு. தண்ணீரின் தடை விசித்திரமானது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தடை நான்கு மடங்காகும். மெதுவாகப் போனால் மென்மையாக விட்டுக்கொடுக்கும், வேகமெடுத்தால் சுவர் மாதிரி நிற்கும். அதனால் பளு தூக்கும் கருவி எதுவும் தேவைப்படவில்லை. அம்மாவே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டார்.

எவ்வளவு வேகம் சரி? தண்ணீரில் நாடித் துடிப்பு தரையில் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால் கைக்கடிகாரத்தை நம்ப வேண்டாம், பேச்சை வைத்துப் பாருங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. இது என் துறை! அம்மாவைப் பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் சொல்ல வைத்தேன். வாக்கியம் பாதியில் உடைந்தால் வேகத்தைக் குறைப்போம்.

நாலாவது முறை போனபோது இன்னொரு தப்பு. அங்கே ஒரு குழு பாட்டுப் போட்டு நீர் ஏரோபிக்ஸ் செய்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குதித்தார், கையை ஆட்டினார், திரும்பினார். நாற்பது நிமிடம். வலிக்கிறதா என்றால், "ஒண்ணுமே தெரியலடி" என்றார். உண்மைதான், தண்ணீருக்குள் எதுவும் தெரியாது. வெதுவெதுப்பும் மிதப்பும் வலியை மறைத்துவிடும். இரவு முட்டி தன் கணக்கைச் சொன்னது.

அதன் பிறகு கற்றுக்கொண்டது இரண்டு மணி நேர விதி. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, தொடங்கும் முன்பு இருந்ததைவிட வலி கூடியிருந்தால், அடுத்த முறை குறைவாகச் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அந்த நேரம் அம்மா விளக்கு வைத்து முடித்திருப்பார். சாமி மாடத்தின் முன்னால் நிற்கும்போது முட்டி என்ன சொல்கிறது என்று கேட்டு, பத்துக்கு எத்தனை என்று நாள்காட்டியில் எழுதினேன். பத்து நிமிடத்துக்குத் திரும்பினோம். எண் கூடாத வாரங்களில் மட்டும் ஐந்து நிமிடம் கூட்டினோம். குதித்தலை அப்படியே விட்டோம். அந்தக் குழுவில் சேர்வதில் தவறில்லை, மூட்டு வலிக்காரர்களுக்கென்றே நடக்கும் வகுப்புகளும் உண்டு. ஆனால் முதல் மாதத்திலேயே பாட்டின் வேகத்துக்கு முட்டி ஓட வேண்டியதில்லை.

நீரிழிவு இருப்பதால் பாதத்தைத் தினமும் பார்ப்போம். குளத்தின் அடித்தளம் சொரசொரப்பு, ஊறிய தோல் எளிதில் உரியும், உணர்வு குறைந்த காலுக்கு அது தெரியாது. அதனால் ரப்பர் அடியுள்ள நீர்க் காலணி வாங்கினோம். ஒரு தண்ணீர்ப் புட்டியும் கூடவே வரும். குளத்துக்குள்ளும் வியர்க்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இதய நோய் உள்ளவர்கள் இறங்கும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். தண்ணீரின் அழுத்தம் காலில் உள்ள ரத்தத்தை நெஞ்சை நோக்கித் தள்ளுவதால் இதயத்துக்கு வேலை கூடும். அம்மாவுக்கும் கேட்டுக்கொண்டுதான் இறங்கினோம். ஆறாத புண்ணோ, சிவந்து சூடாக வீங்கிய மூட்டோ இருந்தால் அன்று குளம் வேண்டாம்.

இதெல்லாம் போக, சிங்கப்பூர் மழை. நல்ல வெயிலில் கிளம்பிப் போவோம், மின்னல் எச்சரிக்கை வந்து எல்லாரையும் மேலேற்றிவிடுவார்கள். ஒரு மாதத்தில் நாலு நாள் உட்கார்ந்து வடை தின்றுவிட்டுத் திரும்பினோம். அதையும் நாள்காட்டியில் எழுதச் சொன்னார் அம்மா.

மூன்று மாதத்தில் என்ன ஆனது? எடை 84லிருந்து 82. இதற்காகவா இவ்வளவு என்று கேட்பவர்கள் கேட்கலாம். தண்ணீரில் நடந்து மட்டும் எடை மளமளவென்று இறங்காது, சாப்பாட்டில்தான் அந்த வேலை. தேய்ந்த குருத்தெலும்பும் திரும்ப வளராது. முட்டி, இடுப்புத் தேய்மானத்துக்கு நீர்ப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2016 மதிப்பாய்வும், வலியிலும் இயலாமையிலும் சிறிய அளவில், குறுகிய காலத்துக்கு முன்னேற்றம் தெரிவதாகத்தான் சொல்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அம்மாவுக்கு இல்லை. நாள்காட்டியில் ஏழு என்று இருந்தது நாலாகியிருந்தது. அந்த வித்தியாசத்தில்தான் அவர் சோபாவிலிருந்து ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்தார்.

இப்போது அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேட்டுக்குக் கொண்டுவருகிறேன். நெஞ்சுக்குழியிலேயே நின்றுவிட்டால் முட்டி 28 கிலோவுக்குத்தான் பழகும், வெளியே 82 காத்திருக்கிறதே. அதனால் சிறிய குளத்தின் 0.9 மீட்டரில், இடுப்பளவில், பாதி நேரம். எலும்புக்கும் சுமை வேண்டும் என்பதால் வீட்டில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி, முதலில் மூன்று முறை, இப்போது எட்டு. வெளியேறும் முன் இடுப்பளவில் இரண்டு நிமிடம் நிற்போம். பிறகு ஒவ்வொரு படியிலும் ஒரு மூச்சு. நான் பின்னால் வருவேன், கை கொடுக்க மாட்டேன், கொடுத்தால் கோபம் வரும்.

போன வாரம் கடைசிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தார். "அந்த ஏணிக் குளம் இருக்கே, அங்க ஒருநாள் போகணும்" என்றார்.

"ஏறவா?"

"ஏற இல்லடி. அந்தப் பசங்க ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லவே இல்ல."