சம்பூர்க் காணி விளம்பரம்: சில குறிப்புகள்

சம்பூரில் ஒரு காணி விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் வழக்கப்படி எழுதினால் இவ்வளவு போதும்: "சம்பூரில் 40 பேர்ச் உறுதிக்காணி, கிணற்றுடன். விலை பேர்ச் கணக்கில். முழுக்காசும் ஒரேயடியாகத் தருவோருக்கு விலைக்கழிவு உண்டு." மூதூர்ச் சந்தியில் இதை வாசிப்பவருக்கு ஒரு சந்தேகமும் வராது.

ஆனால் சம்பூர் ஆட்கள் எல்லோரும் மூதூர்ப் பக்கத்தில் இல்லை. 2006 சண்டையில் ஊரே வெளியேறியது. அந்த ஆண்டு திருகோணமலை மாவட்டத்திலிருந்து படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் நிறையப்பேர். அவர்களின் பிள்ளைகள் தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்து, தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தவர்கள். 2015இல் காணிகளை விடுவிக்கத் தொடங்கிய பிறகுதான் ஊரில் வாங்கல் விற்றல் பற்றிய பேச்சே திரும்பியது. விளம்பரம் கைபேசி வழியே கனடாவுக்கும் போகும், திருச்சிக்கும் போகும்.

*

அளவு. தமிழ்நாட்டில் பேர்ச் என்ற அளவு புழக்கத்தில் இல்லை, அங்கே சென்ட். யாழ்ப்பாணத்தார் பரப்பில் நினைப்பார்கள். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச், 100 சென்ட், 16 பரப்பு. ஆகவே 40 பேர்ச் என்றால் கால் ஏக்கர், 25 சென்ட், 4 பரப்பு. "கால் ஏக்கர் (40 பேர்ச், 25 சென்ட்)" என்று எழுதினால் முடிந்தது. கால் ஏக்கர் எல்லோருக்கும் பொது என்பதால் அதை முதலில் வைப்பதே நல்லது.

காணி என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். நமக்கு அது நிலம். தஞ்சைப் பக்கத்து முதியவருக்கு அது ஓர் அளவு, ஏறத்தாழ 1.32 ஏக்கர். '40 பேர்ச் காணி' என்பதில் இரண்டு அளவு தெரிந்தால் அவர் குழம்புவார்.

*

பேர்ச் போன்ற தெரியாத சொல் உண்மையில் பெரிய தொல்லை தராது. வாசிப்பவர் நின்று, யாரையாவது கேட்பார். தெரிந்த சொல்லுக்கு வேறு பொருள் இருந்தால்தான் கேட்காமலே போய்விடுவார். விலைக்கழிவு அப்படி. இலங்கையிலும் மலேசியாவிலும் கழிவு என்றால் விலையைக் குறைத்துத் தருவது. தமிழ்நாட்டில் அது குப்பையும் சாக்கடையும். அங்கே தள்ளுபடி என்பார்கள். இந்த இடத்தில் எந்தச் சொல்லுக்கும் சண்டை பிடிக்காமல் "விலை குறைத்துத் தரப்படும்" என்று எழுதிவிடலாம்.

ரூபாவும் அப்படித்தான். இலட்சக் கணக்கில் ஒரு விலையைப் போட்டு வெறும் 'ரூபா' என்று விட்டால், திருச்சியில் இருப்பவர் இந்திய ரூபாயாக எடுப்பார். விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறித் தெரியும். 'இலங்கை ரூபா' என்று முழுதாக எழுத வேண்டும். பேர்ச் விலையோடு மொத்த விலையையும் போட வேண்டும்.

*

எல்லாவற்றையும் அப்படி மாற்ற முடியாது. 'உறுதி'தான் மிகக் கடினம். இங்கே உறுதி என்றால் நொத்தாரிசு எழுதிய உரிமை ஆவணம். தமிழ்நாட்டு வாசகர் 'உறுதியான காணி' என்று படிப்பார். அவருக்காகப் 'பத்திரம்' என்று மாற்றினால் ஊரில் பெரிய குழப்பம் வரும். ஏனென்றால் நமக்குப் பத்திரம் என்றதும் நினைவுக்கு வருவது அனுமதிப்பத்திரம், அதாவது பெர்மிட் காணி. அது அரசு கொடுத்தது. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. ஒரு சொல்லை மாற்றினதால் விற்கக்கூடிய காணி விற்கமுடியாத காணியாகத் தெரியும். ஆகவே உறுதியை விட்டுவிடாமல் பக்கத்தில் விளக்க வேண்டும்: "உறுதி (கிரயப் பத்திரம்) உண்டு, பெர்மிட் காணி அல்ல."

கனடா வாசகருக்கு இன்னொரு வரி தேவை, அது சொல் பற்றியதல்ல. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்கு இங்கே காணி விற்க முடியாது. கனடாக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை விட்டவர் வாங்க வேண்டுமானால் இரட்டைக் குடியுரிமை வேண்டும். விளம்பரத்தில் அதைச் சொல்லாவிட்டால் பத்து அழைப்பு வந்தும் ஒன்றும் நடக்காது.

*

திருத்திய வடிவம்: "திருகோணமலை மாவட்டம், மூதூர் அருகே சம்பூரில் கால் ஏக்கர் நிலம் (40 பேர்ச், 25 சென்ட்) விற்பனைக்கு. கிணறு உண்டு. உறுதி (கிரயப் பத்திரம்) உண்டு. பெர்மிட் காணி அல்ல. ஒரு பேர்ச்சின் விலையும் மொத்த விலையும் இலங்கை ரூபாவில் கீழே. முழுப் பணமும் ஒரே தடவையில் தருவோருக்கு விலை குறைத்துத் தரப்படும். இலங்கைக் குடியுரிமை அல்லது இரட்டைக் குடியுரிமை உள்ளோர் வாங்கலாம்."

நீளம் கூடிவிட்டது. சுவரொட்டிக்குப் பழையதே போதும். கடல் கடந்து போவதற்கு மட்டும் இது.

அச்சுக்கு முன் முகாமில் வளர்ந்த ஒருவருக்கும் கனடாவில் பிறந்த ஒருவருக்கும் அனுப்பிப் பார்க்க வேண்டும். "விளங்குதா?" என்று கேட்கக் கூடாது; எல்லோரும் ஓம் என்பார்கள். "எவ்வளவு நிலம், மொத்தம் என்ன விலை, யார் பெயருக்கு எழுதலாம்?" என்று கேட்டு, அவர்கள் சொல்கிற பதிலைக் காணிக்காரரின் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.