ஏழு இடத்தில் தள்ளிய சக்கரம்

சினிமாப் படப்பிடிப்பில் கிரேன் நுனியில் தொங்கும் கேமராவைக் கீழே உட்கார்ந்திருப்பவர் கைச்சக்கரங்களைச் சுற்றித் திருப்புவார். சக்கரத்துக்கும் கேமராவுக்கும் நடுவே கேபிள் மட்டும்தான் இருக்கிறது என்பதால் கையில் கனமே தெரியாது. கனம் தெரியாத சக்கரத்தை வைத்துக்கொண்டு மெதுவாகப் பான் பண்ணுவது கஷ்டம். அந்தக் கனத்தை மோட்டாரால் உண்டாக்கித் தரும் ஒரு சக்கரத்தைக் கோயம்புத்தூரில் ஒரு சிறு பட்டறையில் செய்துகொண்டிருந்தேன். ஃபீல்டு ஓரியண்டட் கன்ட்ரோல் பற்றிப் புத்தகத்தில் படித்ததற்கு மேல் நான் கற்றுக்கொண்டது அந்த வேலையில்தான்.

மோட்டார் பிரஷ் இல்லாத வகை. வெளி வளையத்தில் 14 காந்தம், உள்ளே 12 பல்லில் காயில். இரண்டு காந்தம் ஒரு ஜோடி என்பதால், அச்சு ஒரு சுற்றுச் சுற்றினால் மின்கணக்கில் ஏழு சுற்று ஆகிவிடும். இந்த ஏழு பின்னால் தேவைப்படும்.

காயிலின் காந்தப்புலம் எப்போதும் ரோட்டார் காந்தத்துக்கு மின்கணக்கில் 90 டிகிரி தள்ளி நின்றால், கொடுக்கும் கரண்ட் முழுவதும் முறுக்கு விசையாக மாறும். அதற்காக மூன்று ஃபேஸ் கரண்டையும் அளந்து, காந்தத்தோடு சேர்ந்து சுற்றும் ஒருவர் கண்ணுக்கு அவை எப்படித் தெரியும் என்று கணக்குப் போடுகிறோம். அந்தப் பார்வையில், அலையடிக்கும் மூன்று கரண்டும் இரண்டே நிலையான எண்களாகிவிடும். `id` காந்தத்தின் திசையிலேயே இருப்பது, முறுக்குத் தராது. `iq` குறுக்கே இருப்பது, முறுக்குத் தருவது அதுதான். `id`-யைப் பூஜ்யத்திலும் `iq`-வை நாம் கேட்ட அளவிலும் நிறுத்த ஆளுக்கொரு பி.ஐ. கன்ட்ரோலர். மூன்று கரண்டின் கூட்டல் பூஜ்யம் என்பதால் இரண்டை அளந்தால் போதும்:

```c
ia = (adc_a - off_a) * 0.004f;   // ஆம்பியர்
ib = (adc_b - off_b) * 0.004f;
i_alpha = ia;
i_beta  = (ia + 2*ib) * 0.57735f;
id =  i_alpha*cosf(th) + i_beta*sinf(th);
iq = -i_alpha*sinf(th) + i_beta*cosf(th);
```

`th` என்பது என்கோடர் தரும் கோணத்தை ஏழால் பெருக்கி, தொடக்கக் கோணத்தைக் கழித்தது.

சக்கரம் சுற்றியது. திரையில் `iq` கோடு ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல் நேராக ஓடியது. பக்கத்து அறையில் முப்பது வருஷமாக மோட்டார் காயில் கட்டும் அண்ணன் ஒருவர் வந்து, திரையைப் பார்க்காமல் சக்கரத்தை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்பினார்.

"தம்பி, இது ஒண்ணுபோலச் சுத்தலைங்க. அங்கங்க பிடிக்குது, அப்புறம் தானாத் தள்ளுது."

"கிராஃப் நேராத்தானே இருக்குதுங்கண்ணே?"

"அது என்ன சொல்லுதோ போங்க. நீங்க கைய வெச்சுப் பாருங்க."

சாக்பீஸால் சக்கர விளிம்பில் ஒரு கோடு போட்டு, தள்ளும் இடங்களை எண்ணச் சொன்னார். எண்ணினேன். ஒரு சுற்றுக்குச் சரியாக ஏழு.

எனக்கு அந்த எண்ணே போதுமானதாக இருந்தது. சுற்றுக்கு ஏழு என்றால் மின்கணக்கில் சுற்றுக்கு ஒன்று. கரண்டை அளக்கும் இடத்தில், கரண்டே ஓடாதபோதும் பூஜ்யமாக இல்லாமல் ஒரு மாறாத பிழை உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் வரும். அந்தப் பிழை ஸ்டேட்டரில் ஒரே திசையில் நிற்கிறது. காந்தத்தோடு சுற்றும் பார்வைக்கோ அது மின்சுற்றுக்கு ஒரு முறை வளைய வருகிறது. கன்ட்ரோலர் அதை நிஜக் கரண்ட் என்று நம்பி, அதைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கத்தில் நிஜமாகவே கரண்டை ஓட்டுகிறது. கணக்கில் இரண்டும் கழிந்து கோடு நேராகிவிடும். அலை முழுவதும் அச்சில் இருக்கும். திருடனையே சாட்சிக்கூண்டில் ஏற்றி விசாரித்த மாதிரிதான். பி.ஐ. கெயினைக் கூட்டினால் அந்தப் பொய் இன்னும் சுத்தமாகப் பின்பற்றப்படும், அவ்வளவே.

உறுதி செய்துகொள்ள எளிய வழி உண்டு. `id`, `iq` இரண்டையும் பூஜ்யமாகக் கேட்டுவிட்டு, கன்ட்ரோலரை ஓடவிட்டே சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும். அளவு சரியாக இருந்தால் கரண்ட் எதுவும் ஓடாது. என் சக்கரம் ஏழு இடங்களில் போய் நிற்கப் பார்த்தது. ஸ்டேட்டரில் ஒரு நிலையான புலம் இருந்து, ஒவ்வொரு காந்த ஜோடியும் அதோடு ஒட்டிக்கொள்ள முயன்றது என்று அர்த்தம். சப்ளையை நிறுத்தியதும் அந்த ஏழும் மறைந்தன.

பிழை எவ்வளவு? ஃபேஸ் கம்பியிலேயே 10 மில்லிஓம் ஷண்ட், 20 மடங்கு ஆம்ப்ளிஃபையர், 3.3 வோல்ட்டில் 12 பிட் ஏ.டி.சி. ஆக, ஒரு கவுன்ட் சுமார் 4 மில்லிஆம்பியர். மெதுவாகத் திருப்பும்போது நான் கேட்டது 0.2 ஆம்பியர், ஷண்டில் அது வெறும் 2 மில்லிவோல்ட். அதே ஷண்டின் இரு முனையும் பி.டபிள்யூ.எம்.மில் நொடிக்கு 20,000 தடவை 24 வோல்ட்டுக்கு ஏறி இறங்குகின்றன. இந்தக் குலுக்கலில் கொஞ்சம் ஆம்ப்ளிஃபையர் வழியே கசியத்தான் செய்யும். புரோகிராமோ, பவர் போட்டவுடன், டிரைவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே `off_a`, `off_b` இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. டிரைவரை எழுப்பி, மூன்று ஃபேஸுக்கும் 50 சதவீத டியூட்டி கொடுத்துச் சராசரி எடுத்துப் பார்த்தேன். B அசையவில்லை, A 20 கவுன்ட் நகர்ந்திருந்தது. அதாவது 80 மில்லிஆம்பியர்.

A-யில் வந்த பிழை மேலே உள்ள கணக்கில் `i_beta`-விலும் புகுவதால் மொத்தம் சுமார் 92 மில்லிஆம்பியர் ஆகிறது. ஆகவே 0.2 கேட்ட இடத்தில் உண்மையில் ஓடியது 0.11-க்கும் 0.29-க்கும் இடையில். இதே மோட்டாரை 4 ஆம்பியரில் வேகமாக ஓட்டியிருந்தால் பிழை இரண்டு சதவீதம்தான். சக்கரத்தின் சொந்தக் கனமே அதை விழுங்கியிருக்கும். குறைந்த வேகம், குறைந்த சுமை இரண்டும் சேரும்போதுதான் இது கைக்குத் தெரிகிறது.

திருத்தம் சின்னதுதான். பூஜ்ய அளவை 50 சதவீத டியூட்டி ஓடும்போது, வழக்கமாகக் கரண்டை எடுக்கும் அதே பி.டபிள்யூ.எம். தருணத்தில், ஆயிரம் சாம்பிள் சராசரியாக எடுக்கிறேன். அப்போது சக்கரம் அசையக் கூடாது. மூன்று ஃபேஸும் ஒரே டியூட்டியில் இருப்பது காயில்களை ஷார்ட் செய்ததற்குச் சமம். சுற்றினால் மோட்டாரே கரண்டை உண்டாக்கி, அதுவும் பூஜ்யத்தில் கலந்துவிடும். போர்டு சூடாகும்போது பூஜ்யம் மெல்ல நகரும் என்பதால், சக்கரம் சும்மா நிற்கும் நேரங்களில் மறுபடியும் எடுத்துக்கொள்கிறேன்.

ஏழு போன பிறகு, அண்ணன் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்து, "இப்ப பொடிப்பொடியா ஏதோ உரசுது" என்றார். அது பல்லும் காந்தமும் ஒன்றையொன்று இழுப்பது. 12-க்கும் 14-க்கும் மீச்சிறு பொது மடங்கு 84. சுற்றுக்கு 84 முறை வரும். கரண்டே இல்லாதபோதும் இருப்பதால் எவ்வளவு துல்லியமாகக் கரண்டை நிறுத்தினாலும் அது போகாது. வேண்டுமானால் ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து ஒரு அட்டவணை வைத்து, அந்த அளவுக்கு `iq`-வைக் கூட்டிக் குறைக்கலாம்.

இப்போதெல்லாம் புது மோட்டார் மேசைக்கு வந்தால், கெயினைத் தொடுமுன் மூன்று தடவை கையால் சுற்றுகிறேன். பவர் இல்லாமல் சுற்றித் தெரிவது இரும்பின் வேலை. பூஜ்யம் கேட்டுச் சுற்றும்போது புதிதாக, ஜோடிக்கு ஒன்றாக வருவது ஆஃப்செட். சுமை கொடுத்த பின் ஜோடிக்கு இரண்டாக வந்து, கரண்ட் கூடக் கூட வளர்ந்தால், இரண்டு ஃபேஸின் அளவுகோலும் ஒன்றுபோல் இல்லை என்று பொருள். ஷண்டையும் ஆம்ப்ளிஃபையரையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் தெளிந்த பிறகுதான் திரையில் ஓடும் `iq` கோட்டை நம்புகிறேன்.